சுவரில் படகுப் படம்: கட்டமா, ப்ரொஜெக்டரா, கிறுக்கலா?

போட்டோ எடுத்தாயிற்று, அதை ஆறு தட்டையான நிறங்களாகக் குறைத்து போஸ்டர் மாதிரி ஆக்கியும் ஆயிற்று, சுவரும் காலியாக இருக்கிறது. இனி அதைச் சுவருக்குப் பெரிதாக்கும் வழிதான் கேள்வி. கட்டம் போடலாம், ப்ரொஜெக்டர் வைக்கலாம், சுவரில் கண்டபடி கிறுக்கிவிட்டுப் போனில் படத்தை மேலே வைத்துப் பார்த்து வரையலாம். மூன்றையும் ஒரே சுவருக்குப் பொருத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும் என்பதால், இங்கே கடலூர் முதுநகர்ப் பக்கத்துச் சுவர் ஒன்றையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் 18 அடி அகலம், 10 அடி உயரம், கிழக்கு பார்த்தது. எதிர்வீட்டுச் சுவர் வரை தெரு 15 அடிதான். படம், துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் மீன்பிடிப் படகுகள். சுவரின் அடியில் ஒரு அடியைப் படத்துக்கு எடுக்காமல் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் மழை பெய்யும்போது தெருத் தண்ணீர் தெறிப்பதும், தரையிலிருந்து ஓதம் ஏறி உப்பு பூப்பதும் அங்கேதான் முதலில் தெரியும். அந்த ஒரு அடிக்கு அடர்த்தியான காவிப் பட்டை அடித்துவிட்டால், அது கெட்டாலும் படத்தைத் தொடாமல் திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஆக படத்துக்கு மிஞ்சுவது 18 அடிக்கு 9 அடி, அதாவது 162 சதுர அடி.

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுவரின் விகிதம் 2:1. போனில் எடுத்த படம் பெரும்பாலும் 4:3. இதைப் பார்க்காமல் படத்தின் மேல் பதினெட்டுக்கு ஒன்பது என்று கோடு போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்போது படத்தில் கட்டம் நெட்டுக்குத்தான செவ்வகமாக வரும், சுவரில் சதுரமாக இருக்கும், வரைந்து முடித்ததும் படகுகள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்து நசுக்கியது போல நிற்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படத்தில் வட்டமாக உள்ள ஏதாவது ஒன்றைப் பார்ப்பது: சூரியன், படகில் தொங்கும் டயர், மிதவை. அது முட்டை வடிவமானால் விகிதம் தவறு. முதலில் படத்தை 2:1 ஆக வெட்ட வேண்டும். 4000க்கு 3000 பிக்சல் உள்ள படம் 4000க்கு 2000 ஆகும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். படகு வரிசை நீளவாக்கில் இருப்பதால் இங்கே வெட்டுவது வானத்தையும் முன்னால் உள்ள சேற்றையும்தான், நஷ்டமில்லை. ஆள் நிற்கும் படம் என்றால் வெட்டாமல் 12 அடிக்கு 9 அடியாகவே வைத்துக்கொண்டு, மிச்சம் 6 அடியைப் பின்னணி நிறத்தில் விட்டுவிடுவது நல்லது.

சரி, இப்போது மூன்று வழிகள்.

ப்ரொஜெக்டரைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள், நியாயமும்கூட. படத்தைச் சுவரில் விழவைத்து விளிம்பைத் தடவிக்கொண்டே போனால் முடிந்தது, அளவு எடுக்கும் வேலையே இல்லை. வீட்டுக்குள் ஹாலில் 8 அடி, 10 அடிச் சுவர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், அதிலும் முகம் இருக்கிற படமானால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், ஏனென்றால் முகத்தில் கண்ணோ வாயோ ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் ஆள் மாறிவிடும். ஆனால் நம்முடைய சுவருக்கு வருவோம். வீட்டு உபயோகத்துக்கு வரும் சாதாரண ப்ரொஜெக்டர்கள் பலவற்றில், ஒரு அடி அகலப் படம் விழ ஏறக்குறைய ஒன்றரை அடி தள்ளி வைக்க வேண்டும். 18 அடி அகலத்துக்கு 27 அடி தூரம் வேண்டும், தெருவோ 15 அடி. எதிர்ச்சுவரை ஒட்டி வைத்தாலும் 10 அடி அகலம்தான் விழும். உயரமும் 9 அடி வராது. எனவே படத்தை நான்கு துண்டாக்கி, ஒன்றை வரைந்துவிட்டு மெஷினை நகர்த்தி, அடுத்ததை முதல் துண்டின் விளிம்போடு பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தல்தான் சிக்கல். மெஷின் சுவருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்தாலே படம் ஒரு பக்கம் அகன்று, ஒரு பக்கம் குறுகிவிடும். மெஷினிலேயே இருக்கும் கீஸ்டோன் திருத்தம் ஓரங்களை நேராக்கிக் காட்டும், ஆனால் துண்டுக்குத் துண்டு அதை ஒரே மாதிரி வைப்பது கஷ்டம். இணைப்பில் படகின் மேல்விளிம்பு ஒரு அங்குலம் மேலே கீழே நின்றால் தெருவில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

குறைந்த தூரத்திலேயே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் தூரப் பிரச்சினை தீரும். ஆனால் அந்த வகை சுவரின் மேடு பள்ளத்தைப் பெரிதாக்கிக் காட்டும், பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழுவதால் பூச்சு கொஞ்சம் புடைத்திருந்தாலும் கோடு வளையும். மேலும் இரவில்தான் வேலை, தெருவிளக்கு அணையாது, வண்டி போகும், யாராவது ஸ்டாண்டைத் தட்டிவிட்டால் திரும்ப முதலிலிருந்து பொருத்த வேண்டும்.

இரண்டாவது கிறுக்கல் முறை. சுவர் முழுக்க நீர்த்த பெயின்டில் எழுத்து, சுழி, அம்பு, பெருக்கல் குறி என்று ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் கிறுக்க வேண்டும். பிறகு எதிரே நின்று சுவரை ஒரு போட்டோ எடுத்து, போனில் படம் வரையும் ஆப்பில் அந்தப் போட்டோவின் மேல் நம் படத்தைப் பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். படகின் மூக்கு 'ழ' மாதிரி இருக்கிற கிறுக்கலுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுவரில் வரைவதுதான் முறை. நூலும் அளவும் தேவையில்லை, சுவர் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. பெரிய சுவர் ஓவியம் வரைகிறவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள், வேகத்தில் இதை மிஞ்ச முடியாது.

நம் சுவரில் இதற்கு இரண்டு தடங்கல். 15 அடித் தெருவில் நின்று 18 அடிச் சுவரை ஒரே போட்டோவில் அடக்கினால் அது சட்டத்தின் விளிம்பு வரை வந்துவிடும், வைட் லென்ஸுக்கு மாற்றினால் ஓரங்களில் கோடுகள் வளையும். நாம் வரைவதும் அந்த வளைவோடுதான் சுவரில் வரும், அலை, மேகம் என்றால் தெரியாது, நேரான பாய்மரக் கம்பத்திலும் படகுத் தளத்திலும் தெரியும். இரண்டாவது தடங்கல் எனக்கு இன்னும் முக்கியம்: இந்த முறையில் வரைவதற்கு வழி கிடைக்கிறது, ஆனால் எந்த நிறம் எத்தனை சதுர அடி என்று கையில் எதுவும் வருவதில்லை. பெயின்ட் வாங்க அதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

கட்டம் மூன்றிலும் மெதுவானது, பழையது, நூல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆனாலும் இந்தச் சுவருக்கு நான் கட்டத்தைத்தான் சொல்வேன். பகலில் வேலை நடக்கும், தெருவின் அகலம் ஒரு பொருட்டே இல்லை, சாரம் கட்டி அதன் மேல் நின்று மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்திலிருந்துகூட 'உ வரிசை ஏழாம் கட்டம்' என்று பார்த்து வரையலாம், பின்னால் போய்ப் பார்க்க இடமில்லாத தெருவில் இது பெரிய வசதி. ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர அடி என்பதால் அதே கோடுகளே பெயின்ட் கணக்கையும் தந்துவிடும்.

கட்டத்தின் அளவை முடிவு செய்வதில் ஆசைப்படக் கூடாது. அரை அடிக் கட்டம் என்றால் 648 கட்டம், கோடு போட்டே அலுத்துவிடும், அதில் பாதி வெறும் வானம். இரண்டடிக் கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்குள் அரைப் படகு வந்துவிடும், கண்ணளவில் தப்பும். ஒரு அடி சரியாக இருக்கும். படகின் முகப்பு, வலை இழுக்கிற ஆளின் கை என்று நுணுக்கமான ஏழெட்டுக் கட்டங்களை மட்டும் நான்காகப் பிரித்துக்கொண்டால் போதும். காகிதத்தில் ஏ3 தாளில் 36 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டராகப் பிரிண்ட் எடுத்தால் ஒரு கட்டம் சரியாக 2 சென்டிமீட்டர் வரும். இந்த அளவில் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் சுவரில் ஒன்றரை சென்டிமீட்டர். எனவே ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துத் தடித்த பேனாவால் கோடு போட்டால், அந்தப் பேனாக்கோட்டின் தடிமனே சுவரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குழப்பமாக விரியும். மெல்லிய கோடு போடுங்கள், அல்லது கணினியிலேயே கோடு போட்டுப் பிரிண்ட் எடுங்கள்.

வரிசைகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வசதி: ஒன்பது வரிசைக்கு அ முதல் ஐ வரை சரியாக ஒன்பது எழுத்து. மேலிருந்து கீழே எழுத்து, இடமிருந்து வலமாக 1 முதல் 18 வரை எண். காகிதத்திலும் சுவரிலும் நான்கு ஓரத்திலும் எழுத வேண்டும், ஏனென்றால் சாரத்தில் நின்றால் ஏதாவது ஒரு ஓரம்தான் கண்ணுக்குத் தெரியும்.

சுவரில் கோடு போடும்போது பெரும்பாலான தப்பு ஆரம்பத்திலேயே நடந்துவிடும். தரையை நம்பாதீர்கள், தெரு சரிவாக இருக்கும். கூரை விளிம்பையும் நம்பாதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தைக் குறித்து முதல் படுக்கைக்கோட்டைப் போடுங்கள், தூக்குக்குண்டு விட்டு முதல் நெட்டுக்கோட்டைப் போடுங்கள். பிறகு நான்கு மூலையும் வந்ததும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இந்தச் சுவருக்கு இரண்டு குறுக்களவும் 20 அடி ஒன்றரை அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது, அங்கேயே திருத்திவிட வேண்டும், உள்ளே கோடு போட்ட பிறகு திருத்த முடியாது.

உள்கோடுகளுக்கு ஒரு அடி ஸ்கேலை வைத்து வைத்து நகர்த்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் பதினெட்டாவது அடியில் மூன்றரை சென்டிமீட்டர் வந்து நிற்கும். டேப்பை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று கடைசி அடி வரை ஒரே பிடியில் குறித்துவிடுங்கள், மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. அப்புறம் குறிக்குக் குறி நூல் அடிக்க வேண்டியதுதான். நூலுக்கு வெள்ளைச் சாக்பொடி அல்லது நீர்த்த சாம்பல் நிறம் போதும். காவி, அடர்நீலம் மாதிரி அழுத்தமான பொடி வேண்டாம், மேலே வரும் வெளிர்நிறத்தில் அது கசிந்து தெரியும், எத்தனை கோட் அடித்தாலும் நிழல் மாதிரி நின்றுவிடும்.

கட்டத்திலிருந்து வரையும்போது பொருளை வரையாதீர்கள், கோடு கட்டத்தின் எந்த ஓரத்தை எங்கே வெட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள். மேல் ஓரத்தில் கால்பங்கில் நுழைந்து வலது ஓரத்தில் பாதியில் வெளியேறுகிறது என்றால் அந்த இரண்டு புள்ளியையும் வைத்து இணைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் அதன் நிற எண்ணை, 1 முதல் 6 வரை, சின்னதாக எழுதிவிடுங்கள். உதவிக்கு வரும் பிள்ளைகள் கேட்காமலேயே வேலை செய்வார்கள்.

இனி நிறம். படத்தை ஆறு நிறமாக்க நான் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். முதலில் `Filters > Blur > Median Blur` கொடுத்துப் பொடிப்பொடியான புள்ளிகளைக் கரைத்துவிட்டு, பிறகு `Image > Mode > Indexed` போய் நிறங்களின் எண்ணிக்கையை 6 என்று வைத்து, `Color dithering` என்பதை `None` ஆக்க வேண்டும். இதை மறந்தால் இரண்டு நிறத்தைப் புள்ளிபுள்ளியாகக் கலந்து காட்டும், திரையில் அழகு, சுவரில் வரைய முடியாது. இன்னொன்றும் நடக்கும்: கணினி பரப்பு பெரிதாக உள்ள நிறங்களுக்கே இடம் கொடுக்கும். வானத்துக்கு இரண்டு வெளிர்நிறம் கொடுத்துவிட்டு, படத்துக்கே உயிரான ஆரஞ்சு வலைக்குவியலைப் பழுப்பில் சேர்த்துவிடும். அதைக் கையால்தான் மாற்ற வேண்டும், இரண்டு வானத்தை ஒன்றாக்கி, காலியான இடத்தை ஆரஞ்சுக்குக் கொடுங்கள்.

நிறங்களைக் கடையில் மெஷினில் கலந்து வாங்குவதா, வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற சாயத் திரவத்தை விட்டு நாமே கலப்பதா என்பது அடுத்த முடிவு. நாமே கலந்தால் செலவு குறைவு, வேண்டிய சாயலை அங்கேயே பிடிக்கலாம். ஆனால் பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறம் இரண்டாவது முறை வராது, பெரிய வானத்தின் நடுவே அது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். அதோடு ஸ்டெய்னருக்கு ஒரு வரம்பு உண்டு, டப்பாவில் எழுதியிருக்கும், அதைத் தாண்டி ஊற்றினால் பெயின்டின் பிடிமானம் குறைந்து மழையில் சாயம் வடியும். அடர்நீலத்தை வெள்ளையிலிருந்து ஸ்டெய்னராலேயே கொண்டுவர நினைத்தால் இந்த வரம்பைத் தாண்டாமல் முடியாது. எனவே பரப்பு பெரிதாக உள்ள நிறங்களையும் அடர்நிறங்களையும் கடையில் வாங்கி, டப்பா மேல் ஒட்டும் ஷேட் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைச்சாயல்களை மட்டும் அவற்றிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

ஷேட் கார்டைக் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தேர்ந்தெடுத்த ஆறு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். அதில் இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தெருமுனையிலிருந்து பார்க்கும்போது சுவரிலும் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். காவியும் கடல்பச்சையும் அடிக்கடி இப்படி மாட்டும். ஒன்றை ஒரு படி வெளிரவைத்தால் படகு தண்ணீரிலிருந்து தனியாக எழுந்து நிற்கும். வெயிலைப் பொறுத்தவரை காவி, மண்மஞ்சள் மாதிரி இரும்பு ஆக்சைடு நிறங்கள் வருஷக்கணக்கில் நிற்கும். பளீரென்ற ரோஸ், மெஜந்தா போன்றவை கடற்கரை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், வெளிச்சுவரில் அவற்றை நம்பிப் படம் அமைக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. ஆறு நிறமாக்கிய படத்தை ஜிம்பில் திரும்ப `RGB` ஆக்கி, ஒவ்வொரு நிறமாக `Select > By Color` கொண்டு தேர்ந்தெடுத்தால் `Histogram` பலகையில் அந்த நிறத்தின் பிக்சல் எண்ணிக்கை காட்டும். மொத்தம் 80 லட்சம் பிக்சல், எனவே 80 ஆயிரம் பிக்சலுக்கு ஒரு சதவீதம். கணினி இல்லாதவர்கள் பிரிண்டில் கட்டம் எண்ணலாம்: முழுக்கட்டம் ஒன்று, பாதி என்றால் அரை, ஓரமாகத் தொட்டால் கால். இரண்டு வழியிலும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும், பெயின்ட் வாங்க அந்தத் துல்லியம் போதும்.

இந்தப் படத்தில் வெளிர்சந்தன வானம் 55 சதுர அடி, கடல்பச்சைத் தண்ணீர் 39, அடர்நீலம் 29, காவி 19, ஆரஞ்சு 13, வெள்ளை ஏறக்குறைய 7.

வெளிப்புற எமல்ஷன் சமமான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரை வரும் என்பது பொதுவான கணக்கு. ஓவியத்தில் ரோலரைவிட பிரஷ்தான் அதிகம், விளிம்பில் தடவித் தடவி அடிப்போம், கிண்ணத்திலும் பிரஷ்ஷிலும் கொஞ்சம் காய்ந்து போகும். அதனால் நான் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 90 சதுர அடி என்று குறைத்து எடுத்து, மேலே 20 சதவீதம் சேர்க்கிறேன்:

```
லிட்டர் = சதுர அடி × கோட் ÷ 90 × 1.2
```

இதில் கோட் எண்ணிக்கைதான் ஏமாற்றும். காவி இரண்டு கோட்டில் எதையும் மறைத்துவிடும். 19 சதுர அடிக்கு அரை லிட்டர்தான் ஆகிறது. ஆரஞ்சும் பளீர் மஞ்சளும் அப்படியில்லை, அடியில் உள்ளதைக் காட்டிக்கொண்டே இருக்கும், நான்கு கோட் வரை போகும். 13 சதுர அடி ஆரஞ்சுக்குக் கிட்டத்தட்ட 700 மில்லி வேண்டும், காவியைவிடப் பரப்பு குறைவு, பெயின்ட் அதிகம். பரப்பை மட்டும் பார்த்து ஆரஞ்சைக் கொஞ்சமாக வாங்கினால் பாதியில் நிற்க வேண்டியதுதான். அடியில் ஒரு கோட் வெள்ளை அடித்துவிட்டு அதன் மேல் ஆரஞ்சு போட்டால் ஒரு கோட் மிச்சமாகும், அடர்நீலத்தின் மேல் ஆரஞ்சு போடுகிற வேலையே வேண்டாம்.

வானத்துக்கு இரண்டு வழி. அந்த 55 சதுர அடியில் மட்டும் சந்தன நிறம் அடித்தால் ஒன்றரை லிட்டர் போதும். ஆனால் முதல் கோட்டைச் சுவர் முழுக்க ரோலரில் அடித்துவிட்டு, இரண்டாவது கோட்டை வானத்துக்கு மட்டும் கொடுத்தால் சேதத்தோடு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், கட்டமும் இந்த முதல் கோட்டின் மேல்தான் போட வேண்டும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் பொடி இடைவெளி விட்டாலும் அங்கே ப்ரைமரின் வெள்ளை பல்லிளிக்காமல் வானத்தின் நிறமே தெரியும். 4 லிட்டர் டப்பாவாக வாங்குங்கள், மீதி ஒரு லிட்டர் கோடுகளை மறைக்கவும், பிசகைத் திருத்தவும், மற்ற நிறங்களை வெளிரவைக்கவும் ஆகிவிடும்.

கடல்பச்சை கணக்குக்கு ஒரு லிட்டரும் சொட்டும் வருகிறது. இந்த மாதிரி விளிம்பில் நிற்கும் நிறத்துக்கு ஒரு லிட்டர் வாங்கிவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இரண்டு லிட்டர் வாங்கி, இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், ஒரே ஷேட் நம்பராக இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் இருக்கும், தண்ணீர் மாதிரி பெரிய தட்டையான இடத்தில் அது கோடாகத் தெரியும். அடர்நீலம் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு லிட்டர் டப்பா போதும். அடர்நிறங்களில் டப்பாவுக்குள் 900 மில்லிதான் இருக்கலாம், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். காவி ஒரு லிட்டர் வாங்கினால் அடியில் விட்ட ஒரு அடிப் பட்டைக்கும் அதுவே போதும், 18 சதுர அடி இரண்டு கோட்டுக்கு இன்னொரு அரை லிட்டர்தானே. வெள்ளை 200 மில்லி கூட ஆகாது, ஆனால் ஆரஞ்சுக்கு அடியில் போடவும் கலக்கவும் ஒரு லிட்டர் இருக்கட்டும்.

வாங்கியதும் நேராகச் சுவரில் இறங்காமல், அடியில் காவிப் பட்டை வரப்போகும் இடத்தில் ஆறு நிறத்தையும் ஒவ்வொரு சாண் அகலத்துக்கு இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும். எத்தனை கோட்டில் சுவர் மறைகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், ஆரஞ்சு மூன்று கோட்டிலேயே நின்றால் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

சுவரே தயாரா என்பதைப் பார்க்க ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, அதன் மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் விட்டு உரியும். வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய் மறுபடி பூக்கும். புதுப் பூச்சு என்றால் ஒரு மாதமாவது ஆற வேண்டும்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலும் வடகிழக்குப் பருவமழை கிழக்கு பார்த்த சுவரை நேராக அறையும். அக்டோபரில் தொடங்கினால் மழைக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும். பொங்கல் கழிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சுவரில் காலை முழுக்க வெயில் அடிக்கும், சூடான சுவரில் பெயின்ட் இழுபடுவதற்குள் காய்ந்து பிரஷ் தடம் நின்றுவிடும். மதியத்துக்கு மேல் நிழல் வந்ததும், ஈரத்துணியால் சுவரில் படிந்த உப்புத்தூசியைத் துடைத்துவிட்டு, அது காய்ந்ததும் வானத்தில் தொடங்கித் தண்ணீர், அடர்நீலம் என்று வந்து, ஆரஞ்சையும் வெள்ளையையும் கடைசியில் வையுங்கள்.